பன்னிரண்டு மணி நேர டூட்டி: பெங்களூரில் ஒரு செக்யூரிட்டியின் சம்பளக் கணக்கு

பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் சம்பளத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். "பன்னிரண்டு மணி நேர டூட்டி, பதினெட்டாயிரம், ரூம் நாங்களே தருவோம்." இதில் எவ்வளவு அடிப்படைச் சம்பளம், எவ்வளவு ஓவர்டைம் என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. கேட்கிறவர்களும் அதிகம் இல்லை. ஊரில் இருந்து பஸ் ஏறி வந்தவனுக்கு மாதக் கடைசியில் கையில் என்ன வரும் என்பதுதான் கவலை. அந்த மொத்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தால் என்ன தெரியும், தெரிந்த பிறகு என்ன செய்ய முடிந்தது, அதனால் எங்களுக்குள் என்ன தகராறு வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். வெளிவட்டச் சாலையில் மாரத்தஹள்ளிக்கும் பெள்ளந்தூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு ஐ.டி. பார்க்கில் மெட்டீரியல் கேட்டில் வேலை. கட்டடம் ஒரு கம்பெனியுடையது, எங்களை வைத்திருந்தது ஒரு ஏஜென்சி. காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை ஒரு ஷிப்ட், இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை இன்னொன்று. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை பகல் ஆள் இரவுக்கும் இரவு ஆள் பகலுக்கும் மாறுவோம். அந்த மாற்றத்தில் ஒருவன் இருபத்து நான்கு மணி நேரம் நின்றே ஆக வேண்டும். அதற்கு டபுள் டூட்டி என்று பெயர். அதற்கான காசு தனியாகக் கையில் வரும், ஸ்லிப்பில் வராது. அந்தக் கணக்கு தனிக் கதை என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

முதலில் சம்பள ஸ்லிப். எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு படமாக வரும். வந்த உடனே கடைசி வரியைப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். என் ஸ்லிப்பில் இருந்தது இவ்வளவுதான்: டூட்டி 26 நாள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 14,300. இதர படி 3,700. மொத்தம் 18,000. பிடித்தம் பி.எஃப். 1,716, இ.எஸ்.ஐ. 135. கையில் 16,149. ஓவர்டைம் என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் பூஜ்யம். நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்தால் வேலை நேரம் ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று அழகாக அச்சடித்திருந்தது. நான் நின்றதோ தினமும் பன்னிரண்டு.

இப்போது கணக்கு. 14,300-ஐ 26 நாளால் வகுத்தால் ஒரு நாள் கூலி 550. அதை 8 மணியால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 68 ரூபாய் 75 காசு. குறைந்தபட்ச கூலிச் சட்டம் 1948-இலேயே வந்தது. வழக்கமான நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஓவர்டைம் தர வேண்டும் என்று அதில் இருந்தது. அதன் விதிகளில் அந்த வீதம் இரட்டிப்பு. அப்படியானால் ஓவர்டைம் ஒரு மணிக்கு 137 ரூபாய் 50 காசு. தினம் நான்கு மணி நேரம் கூடுதல், நான்கு பெருக்கினால் 550.

இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். எட்டு மணிக்கு 550, மீதி நான்கு மணிக்கும் அதே 550. பன்னிரண்டு மணி நேரம் ஒரு நாள் நின்றால் சட்டப்படி இரண்டு நாள் கூலி. மாதத்துக்கு 28,600. யாருடைய சம்பளமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. எட்டு மணிக்கான தொகை எதுவோ, பன்னிரண்டு மணிக்கு அதில் இரட்டிப்பு. காகிதமோ போனோ இல்லாமலே மனத்தில் போட்டுக்கொள்ளலாம்.

எங்களுக்கு வந்ததோ நான்கு மணி நேரத்துக்கு மாதம் 3,700. 26 நாளுக்கு 104 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 35 ரூபாய் சொச்சம். அதாவது எட்டு மணி நேரம் நின்று களைத்த பிறகு நிற்கிற நேரத்துக்கு, காலையில் தெம்பாக நிற்கிற நேரத்தை விடப் பாதி விலை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 14,300 என்பது என் கடிதத்தில் இருந்த எண். கர்நாடகத்தில் குறைந்தபட்ச கூலி வேலை வகைக்கும் ஊர் மண்டலத்துக்கும் தகுந்தபடி மாறும். பஞ்சப்படி ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 1-ஆம் தேதி மாறும். ஆகவே வேறு யாராவது கணக்குப் போட்டால், முதலில் தன் அடிப்படைத் தொகை அந்த ஆண்டின் அறிவிப்புக்குக் குறைவாக இல்லையா என்று பார்க்க வேண்டும். அது குறைந்தால் மேலே கட்டுகிற எல்லாமே குறையும்.

எங்கள் சைட்டில் ஃபீல்டு ஆபீசர் ஒருவர் உண்டு. மண்டியாக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். ராத்திரி இரண்டு மணிக்கு பைக்கில் வந்து யார் தூங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போவதுதான் முக்கிய வேலை. அவரிடம் ஓவர்டைம் கட்டத்தில் ஏன் பூஜ்யம் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "குரு, ஓ.டி.யை ஸ்லிப்புல காட்டினா உன் சம்பளம் இருபத்தொராயிரத்தைத் தாண்டும். அப்புறம் இ.எஸ்.ஐ. போயிடும். உன் நல்லதுக்குத்தான் காட்டல" என்றார்.

இதைக் கேட்டு நிறையப் பேர் அடங்கிப் போகிறார்கள். ஊரில் அம்மா அப்பாவுக்கு வைத்தியம் அந்த அட்டையில்தான் நடக்கிறது, அது போனால் என்ன ஆவது? ஆனால் இ.எஸ்.ஐ.யில் சேர்ப்பதற்கான 21,000 ரூபாய் வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்த்துக் கணக்கிடுவதில்லை. ஓவர்டைம் இல்லாத மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் அட்டை இருக்கும், கையில் 28,000 வந்தாலும் இருக்கும். எனக்கு இதைச் சொன்னவர் எங்கள் அறைக்குப் பக்கத்து அறையில் இருந்த கிருஷ்ணகிரி அண்ணன். ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஏஜென்சியிலேயே வேறொரு சைட்டில் ஹெட் கார்டு. "தம்பி, பயமுறுத்துறவன் சொல்றதை எழுதிக் கொடுக்கச் சொல்லு, எழுத மாட்டான்" என்றார். கேட்டுப் பார்த்தேன், எழுதவில்லை.

அந்த அண்ணனுடைய சைட்டில் நடந்தது இதைவிட மோசம். அங்கே ஒரு பையன், கடலூர் பக்கம். மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் போலப் படுத்துவிட்டான். இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை உண்டு, சராசரி தினக்கூலியில் 70 சதவீதம். அதை வாங்க வேண்டுமானால் அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். அவன் ஒரு நாள்கூட விடாமல் நின்றவன். ஆனால் ஏஜென்சி கட்டிய கணக்கில் அவன் மாதத்துக்கு 12 நாள்தான் வேலை பார்த்ததாக இருந்தது. ஆறு மாதத்துக்கு 72 நாள். ஆறு நாள் குறைவு, பணம் கிடையாது. அவன் கைக்கு மாதா மாதம் முழுச் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது. 12 நாள் கூலி 6,600 மட்டும் சம்பளம் என்றும், மீதி எல்லாம் வாஷிங் அலவன்ஸ், போக்குவரத்துப் படி என்றும் ஸ்லிப்பில் எழுதியிருந்தார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கு குறையும் என்பதற்காகச் செய்த வேலை. கையில் வருகிற தொகை சரியாக இருந்ததால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஏஜென்சியைக் கேட்க வேண்டியதே இல்லை. பி.எஃப். பாஸ்புக்கை உமங் ஆப்பில் பார்க்கலாம், யு.ஏ.என். எண்ணும் அதோடு இணைத்த போன் நம்பரும் போதும். அதில் ஒவ்வொரு மாதத்துக்கும் எந்தச் சம்பளத்தின் மேல் பணம் கட்டினார்கள் என்று ஒரு கட்டம் உண்டு. எனக்கு அதில் 14,300 இருந்தது, ஆகவே அந்த ஒரு விஷயத்தில் என் ஏஜென்சி ஆள் ஒழுங்காக இருந்தார். அந்தப் பையனுக்கு 6,600 இருந்தது. ஒரே ஏஜென்சி, இரண்டு சைட், இரண்டு விதம். ஏன் என்று யோசித்ததில் ஒன்று புரிந்தது. என் சைட்டில் கட்டடக் கம்பெனியின் ஆள் மாதா மாதம் பில்லோடு பி.எஃப். சலானையும் கேட்டு வாங்கிப் பார்ப்பார். அவன் சைட் ஒரு சின்ன குடோன், கேட்க ஆள் இல்லை.

இது பின்னால் எனக்கு உதவியது. ஏஜென்சி பயப்படுவது எங்களுக்கோ, தொழிலாளர் துறைக்கோகூட அவ்வளவாக இல்லை. பில்லைப் பாஸ் பண்ணுகிற ஆளுக்குத்தான் பயப்படுகிறது.

சரி, கணக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு மணி நேரம் நின்றேன் என்பதை எப்படி நிரூபிப்பது? ஏஜென்சியின் மஸ்டரில் "பி" என்று ஒரு எழுத்துத்தான் இருக்கும், வந்தான் என்பதற்கு. எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான் என்று இருக்காது. ஆனால் நாங்கள் வேலை செய்கிற இடமே பதிவேடுகளால் ஆனது. ஷிப்ட் மாறும்போது ஹேண்டோவர் புத்தகத்தில் நேரம் போட்டு இரண்டு பேரும் கையெழுத்து வைக்கிறோம். ரவுண்டு போகும்போது ஒவ்வொரு மாடியிலும் போனில் ஸ்கேன் செய்கிறோம், அதில் நேரம் ஏறுகிறது. இதெல்லாம் கட்டடத்தின் கையில் இருப்பவை. நம் கையில் இருப்பது வாட்ஸ்அப் குரூப். காலை எட்டு மணிக்கு யூனிபார்மில் நின்று ஒரு போட்டோ, இரவு எட்டு மணிக்கு மாற்று ஆளோடு ஒரு போட்டோ போட வேண்டும் என்பது அவர்களே வைத்த சட்டம். போடாவிட்டால் ஆப்சென்ட். அந்த போட்டோக்கள் நேரத்தோடும் இடத்தோடும் இருந்தன. வேலையை விட்டால் குரூப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள், போனும் தொலையலாம். அதனால் அந்த குரூப்பை மாதா மாதம் எக்ஸ்போர்ட் செய்து என் மெயிலுக்கு அனுப்பிக்கொண்டேன். கூடவே ஒரு சின்ன டைரியில் தேதி, சைட், வந்த நேரம், விட்ட நேரம், மாற்ற வந்தவர் பெயர். டைரி மட்டும் இருந்தால் நீயே எழுதிக்கொண்டாய் என்பார்கள், போட்டோவும் சேர்ந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

இன்னொரு சின்ன தந்திரத்தையும் சொல்லிவிடுகிறேன், இது பல ஏஜென்சிகளில் உண்டு. ஒரு நாள் லீவு போட்டால் 18,000-ஐ 26-ஆல் வகுத்து 692 ரூபாய் பிடிப்பார்கள். வார விடுமுறையில் கூப்பிட்டு ஒரு நாள் நிற்கச் சொன்னால் அதே 18,000-ஐ 31-ஆல் வகுத்து 580 கொடுப்பார்கள். பிடிக்கும்போது 26, கொடுக்கும்போது 31. வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். நான், ஒரு அஸ்ஸாம்காரர், ஒரு ஒடிசாக்காரர், சித்ரதுர்காவிலிருந்து வந்த ஒருவர். கன்னடத்தில் எழுதியது சித்ரதுர்காக்காரர்தான், பின்னால் தொழிலாளர் அலுவலகத்தில் அது பெரிய உதவியாக இருந்தது. கடிதத்தில் சட்டப் பிரிவுகள் எதையும் அடுக்கவில்லை. நியமனக் கடிதத்தில் உள்ள நேரம், நின்ற நேரம், மணிக்கணக்கு, ஸ்லிப்பில் உள்ள தொகை, வித்தியாசம் மாதம் 10,600. அவ்வளவுதான். ஏஜென்சி ஆபீசில் ஒரு பிரதியில் சீல் போட்டுத் தர மறுத்தார்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டோம்.

பதில் வரவில்லை. வந்தது இடமாற்றம். அஸ்ஸாம்காரரை எலக்ட்ரானிக் சிட்டிக்கு அனுப்பிவிட்டார்கள், அறையும் காலி செய்யச் சொன்னார்கள். ஏஜென்சி அறையில் இருப்பவனுக்கு வேலையும் கூரையும் ஒரே கையில் இருக்கிறது. எதிர்த்துக் கேட்க நினைப்பவன் முதலில் வேறு அறை பார்த்துக்கொள்வது நல்லது. நாங்கள் முன்னேகொளலாவில் மூன்று பேர் சேர்ந்து ஒன்று எடுத்தோம். தலைக்கு ஏஜென்சி அறையை விட அதிகம்தான் ஆனது.

அப்புறம் பன்னேர்கட்டா ரோட்டில் டெய்ரி சர்க்கிள் பக்கம் இருக்கிற தொழிலாளர் துறை அலுவலகமான கார்மிக பவனுக்குப் போனோம். எங்கள் வட்டாரத்துக்கான அதிகாரி யார் என்று விசாரித்து மனு கொடுத்தோம். அதே நேரம் கட்டடக் கம்பெனியின் அட்மின் மேனேஜருக்கும் ஒரு பிரதி. அதில் ஒரே ஒரு வரி கூடுதல்: ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளி, அதாவது கட்டடக் கம்பெனி, தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது என்பது. இந்த வரிதான் வேலை செய்தது. பத்து நாளுக்குள் கணக்குப் பார்க்க ஆள் வந்தார்கள்.

ஆடிட்டுக்கு முந்தின நாள் ஃபீல்டு ஆபீசர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, "எத்தனை மணி நேரம்னு கேட்டா எட்டுன்னு சொல்லுங்க" என்றார். நிறையப் பேர் அப்படியே சொன்னார்கள், நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆடிட்டர் பெண் யாரையும் வற்புறுத்தவில்லை. ஹேண்டோவர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார், மூடி வைத்தார்.

தொழிலாளர் அலுவலகத்தில் நடந்த பேச்சுவார்த்தையில் ஏஜென்சியின் ஆள் இரண்டு வாதம் வைத்தார். ஒன்று, சட்டத்தில் ஒரு நாள் வேலை 9 மணி, ஆகவே கூடுதல் மூன்று மணிதான் என்றார். அதற்கு அதிகாரியே எங்கள் நியமனக் கடிதத்தில் இருந்த 48 மணியைக் காட்டினார். வாரம் ஆறு நாள் பன்னிரண்டு மணி என்றால் 72, நாற்பத்தெட்டைக் கழித்தால் 24, ஆறு நாளால் வகுத்தால் நான்கு. இரண்டாவது வாதம் கொஞ்சம் வலுவானது. சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரம் உண்டு, அதைக் கழிக்க வேண்டும் என்றார். கழித்தால் கூடுதல் மூன்று மணி, மாதம் வர வேண்டியது 25,025, வித்தியாசம் 7,025.

இடைவேளை என்பது கேட்டை விட்டு வெளியே போக முடிகிற நேரம். மெட்டீரியல் கேட்டில் ராத்திரி ரிலீவர் கிடையாது. டப்பாவைத் திறந்து மேசையிலேயே வைத்துச் சாப்பிடுவோம், லாரி வந்தால் கை கழுவாமல் எழுந்து போவோம். என் கையெழுத்தில் மெட்டீரியல் பதிவேட்டில் ராத்திரி ஒரு மணிக்கும் இரண்டுக்கும் நடுவில் வண்டி நம்பர்கள் வரிசையாக இருந்தன. அந்தப் பக்கங்களின் போட்டோக்களைக் காட்டினேன். ஆனால் பகல் ஷிப்டில் எங்களுக்கு ரிலீவர் இருந்தார், கேன்டீனுக்குப் போய்வந்தோம். அது உண்மை, நான் மறுக்கவில்லை. அதனால் வாதம் பாதி அங்கும் பாதி இங்குமாக நின்றது.

மனுவில் கேட்டது ஆறு மாதத்துக்கு. ஏனென்றால் குறைந்தபட்ச கூலிச் சட்டத்தில் பாக்கி கேட்க அப்போது ஆறு மாதம்தான் காலக்கெடு. 10,600 வீதம் 63,600. முடிவில் ஆளுக்கு 36,000-க்குப் பேசி எழுதிக் கையெழுத்தானது. கோர்ட் வழியில் போயிருந்தால் முழுசாக வந்திருக்கலாம். எங்களில் இருவர் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய நெருக்கடியில் இருந்தார்கள், காத்திருக்க முடியவில்லை. கையெழுத்துப் போடும் காகிதத்தில் "எல்லாப் பாக்கியும் தீர்ந்தது" என்று எழுதியிருந்ததை மட்டும் மாற்றச் சொன்னோம். "ஓவர்டைம் பாக்கி" என்று குறிப்பிட்டு எழுத வைத்தோம். இல்லாவிட்டால் போனஸ், பணிக்கொடை எல்லாமும் அந்த ஒரு வரியில் போய்விடும்.

இதோடு கதை முடிந்திருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும். அடுத்த மாதம் கட்டடக் கம்பெனி பன்னிரண்டு மணி நேரத்தையே எடுத்துவிட்டது. மூன்று ஷிப்ட், எட்டு எட்டு மணி நேரம்.

ஏன் என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம். ஒரு கேட்டுக்கு நாள் முழுக்க ஆள் வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் என்றால் இரண்டு பேர், எட்டு மணி என்றால் மூன்று பேர். ஓவர்டைமை ஒழுங்காக இரட்டிப்பாகக் கொடுத்தால் இரண்டு பேருக்கு 57,200. மூன்று பேருக்கு 14,300 வீதம் 42,900. மூன்றாவது ஆளுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கு சேர்த்தாலும் மூன்று பேர்தான் மலிவு. ஆனால் நாங்கள் வாங்கியபடி 18,000 வீதம் இரண்டு பேர் என்றால் 36,000. பன்னிரண்டு மணி நேர டூட்டி என்பது ஓவர்டைம் சரியாகக் கொடுக்காத வரைக்கும்தான் லாபம். கொடுக்க வேண்டி வந்த அன்றே அது நஷ்டம், எடுத்துவிடுவார்கள்.

எங்கள் சம்பளம் 14,300 ஆனது. பிடித்தம் போகக் கையில் 12,476. முன்னே வந்ததை விட 3,673 குறைவு. பன்னிரண்டு மணி நேரம் நிற்க மனமில்லாதவன் யாரும் எங்களில் இல்லை. குடும்பம் ஊரில் இருக்கிறது, ரூமில் போய்த் தனியாகக் கிடப்பதற்கு கேட்டில் நின்றால் நாலு காசு வரும் என்று வந்தவர்கள்தான் எல்லோரும். கடிதத்தில் கையெழுத்துப் போடாத ஒடிசா ஆட்கள் சிலர் பல நாள் என்னோடு பேசவில்லை. ஒருவர் நேராகவே கேட்டார், "நீ முப்பத்தாறாயிரம் வாங்கிக்கிட்டே, எங்க மூணாயிரம் போச்சு, யார் தருவா?" பதில் என்னிடம் இல்லை. பாக்கி கேட்டு மனு கொடுக்கும்போது அதில் அந்த சைட்டில் உள்ள எல்லோர் பெயரையும் சேர்க்க முயன்றிருக்க வேண்டும் என்று கிருஷ்ணகிரி அண்ணன் சொன்னார். கேட்டிருந்தாலும் பாதிப் பேர் சேர்ந்திருக்க மாட்டார்கள், இருந்தாலும் அவர் சொன்னது சரி.

இப்போது அவர்களில் பலர் எட்டு மணி நேரம் இங்கே முடித்துவிட்டு, பக்கத்து அபார்ட்மென்ட்களில் சாயந்திரம் நான்கைந்து மணி நேரம் கையில் காசுக்கு நிற்கிறார்கள். மொத்த நேரம் பழையபடி பன்னிரண்டு, சில நாள் அதற்கும் மேல். அந்த இரண்டாவது இடத்தில் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. நான் அப்படிப் போகவில்லை. டிரைவிங் லைசென்ஸுக்குக் கற்றுக்கொள்ளப் போனேன், அதற்கு நேரம் கிடைத்தது.

நான் இதையெல்லாம் செய்த பிறகு சட்டமும் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதில் எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமானவை மூன்று. ஒரு நாள் வேலை 8 மணி என்று நேரடியாகவே இருக்கிறது, ஆகவே அந்த 9 மணி வாதம் இனி எடுபடுவது கஷ்டம். ஓவர்டைம் வீதம் இரட்டிப்பு, தொழிலாளி சம்மதித்தால்தான் வாங்கலாம். பாக்கி கேட்கும் காலக்கெடு ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம். மூன்று வருடம் என்றால் என் கணக்கில் மாதம் 10,600 வீதம் மூன்றரை லட்சத்துக்கு மேல். ஆனால் அத்தனை மாத நேரக் கணக்கும் கையில் இருக்க வேண்டும், அதனால் போட்டோக்களை அழிக்காமல் வைத்திருப்பதற்கு இப்போது முன்னைவிட மதிப்பு அதிகம்.

சம்மதம் என்ற சொல்லை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்பவர்களிடம் கையெழுத்து வாங்கும் காகிதக் கட்டில் ஓவர்டைமுக்குச் சம்மதம் என்று ஒரு தாளும் இருக்கும், இருந்தால் கையெழுத்துப் போடலாம், தவறில்லை. சம்மதித்ததால் வீதம் குறையாது. அதில் தொகையை ஏற்கெனவே எழுதியிருக்கிறார்களா, "மொத்தச் சம்பளத்தில் ஓவர்டைம் அடங்கியது" என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று மட்டும் படித்துவிட்டுப் போடுங்கள். கன்னடத்திலோ இங்கிலீஷிலோ இருந்தால் போனில் படம் எடுத்துக்கொண்டு, தெரிந்தவரிடம் காட்டிவிட்டு மறுநாள் தருகிறேன் என்று சொல்லுங்கள். ஆள் பற்றாக்குறையில் இருக்கும் ஏஜென்சி ஒரு நாள் காத்திருக்கும்.